வேகமான இணையத் திட்டமா, வீட்டு வைஃபை பழுதா: பணம் கட்டுவதற்கு முன் அளந்து பார்க்க

100 மெகாபிட் திட்டம் வைத்திருக்கிறேன். படுக்கையறையில் வீடியோ நின்று நின்று ஓடுகிறது. 300-க்கு மாறிவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஒரு மாலை நேரத்தை அளப்பதற்கு ஒதுக்குங்கள்.

உங்கள் கைப்பேசிக்கு வரும் இணையம் இரண்டு குழாய்களைக் கடந்து வருகிறது. நிறுவனத்திலிருந்து உங்கள் வீட்டு ரவுட்டர் வரை ஒன்று. ரவுட்டரிலிருந்து நீங்கள் உட்கார்ந்திருக்கும் கட்டில் வரை இன்னொன்று. திட்டத்துக்குக் கூடுதலாகக் கட்டும் பணம் முதல் குழாயை மட்டுமே அகலப்படுத்தும். அடைப்பு இரண்டாவதில் இருந்தால், மாதாமாதம் கட்டணம் ஏறியிருக்கும், வீடியோ அதே இடத்தில் சுற்றிக்கொண்டு நிற்கும். என்னிடம் இந்தக் கேள்வியோடு வந்தவர்களில் பெரும்பாலானோரின் சிக்கல் இரண்டாவது குழாயில்தான் இருந்தது. ஆனாலும் உங்களுடையதும் அதுதான் என்று ஊகித்துவிட வேண்டாம்.

வேகச் சோதனைத் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டேனே, 14 என்று காட்டுகிறது. அது போதாதா?

படுக்கையறையில் கைப்பேசியை வைத்துப் போட்டிருப்பீர்கள். அது இரண்டு குழாய்களையும் சேர்த்து அளந்த எண். இரண்டில் எது குறுகலோ அதன் அளவுதான் திரையில் தெரியும். குறுகல் எங்கே இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது.

பிரித்து அளக்க வேண்டும். மடிக்கணினியை ரவுட்டருக்கு அருகே கொண்டுபோய், கேபிளால் நேரடியாக இணையுங்கள். மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் எந்த வழியாக அளக்கிறீர்கள் என்பதே தெரியாமல் போகும். வீட்டில் மற்றவர்களை ஐந்து நிமிடம் எதையும் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி இதுதான். பிறகு மூன்று முறை சோதனை செய்து நடு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பதிவிறக்கம், பதிவேற்றம் இரண்டையும் குறியுங்கள். காலையில் ஒரு முறை, இரவு ஒன்பது மணிவாக்கில் ஒரு முறை.

அடுத்து கேபிளைக் கழற்றிவிட்டு, அதே மடிக்கணினியில், அதே இடத்தில் வைஃபையில் அளந்து பாருங்கள். கடைசியாக அதை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய் அங்கே அளந்து பாருங்கள். கருவி மாறக் கூடாது. ஓர் இடத்தில் மடிக்கணினியிலும் இன்னோர் இடத்தில் பழைய கைப்பேசியிலும் அளந்தால், இடத்தின் வித்தியாசமும் கருவியின் வித்தியாசமும் கலந்துவிடும்.

மடிக்கணினியில் கேபிள் செருகும் துளையே இல்லை.

யுஎஸ்பியில் செருகும் ஈதர்நெட் அடாப்டர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். கிகாபிட் வகையாக இருக்கட்டும். அதுவும் கிடைக்கவில்லை என்றால், ரவுட்டரிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் அளந்து பாருங்கள். 100 மெகாபிட் திட்டத்தைச் சரிபார்க்க அது பெரும்பாலும் போதும். 90-க்கு மேல் வந்தால் நிறுவனத்தின் பக்கம் சரி என்று எடுத்துக்கொள்ளலாம். குறைவாக வந்தால், அதை மட்டும் வைத்து யாரையும் குறை சொல்ல முடியாது. அதற்குக் கேபிள்தான் வேண்டும்.

கேபிளில் 94 வருகிறது. மீதி 6 எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. தரவு சிறு சிறு பொட்டலங்களாகப் பயணிக்கிறது. ஒவ்வொன்றின் மீதும் முகவரி, வரிசை எண், பிழை சரிபார்ப்பு, அடுத்ததோடு ஒட்டாமல் இருக்க ஓர் இடைவெளி எல்லாம் உண்டு. கம்பியில் 1538 பைட் இடத்தைப் பிடிக்கும் ஒரு பொட்டலத்தில் உங்கள் தரவு ஏறத்தாழ 1448 பைட். வகுத்துப் பார்த்தால் 94 விழுக்காடு. ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் 94 என்பது முழு மதிப்பெண். கிகாபிட் இணைப்பிலும் அதே கணக்கில் 940 வரை வரும்.

இந்த 94-ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. 300 மெகாபிட் திட்டத்தில் இருந்துகொண்டு, எப்போது அளந்தாலும் 94, 94, 93 என்று வந்தால், அது நெரிசல் இல்லை. நெரிசல் இப்படி ஒரே எண்ணில் நிற்காது, ஏறும், இறங்கும். வழியில் ஏதோ ஒன்று 100 மெகாபிட்டுக்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

நண்பர் ஒருவர் வீட்டில் இதை நேரில் பார்த்தேன். திட்டத்தை இரண்டு முறை உயர்த்தியிருந்தார், வேகம் அசையவே இல்லை. நிறுவனத்தின் பெட்டிக்கும் அவருடைய ரவுட்டருக்கும் நடுவே இருந்த அரை மீட்டர் கேபிளைக் கையில் எடுத்தேன். முனையிலிருந்த பிளாஸ்டிக் தலைக்குள் எட்டுக் கம்பிகள் இருக்க வேண்டும். பழுப்புக் கம்பி தங்க நிறத் தகட்டைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கி நின்றது. கிகாபிட் ஓடுவதற்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடி போனதும் இரு பக்கக் கருவிகளும் ஒரு சத்தமும் போடாமல் 100-க்கு இறங்கிக்கொண்டன. விளக்கு எரிந்தது, இணையம் ஓடியது, யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கேபிளை மாற்றினோம், அடுத்த சோதனையில் 280-ஐத் தாண்டியது. இரண்டு ஆண்டுகளாகக் கட்டிய கூடுதல் பணம் அந்த ஒரு மில்லிமீட்டரில் போயிருக்கிறது.

கேபிள் மாற்றியும் 94-தான் என்றால் ரவுட்டரின் துளைகளைப் பாருங்கள். மலிவான ரவுட்டர்கள் பலவற்றில் கம்பித் துளைகள் 100 மெகாபிட் வகைதான். பெட்டியின் மேல் வைஃபை வேகம் மட்டும் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருப்பார்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஒவ்வொரு துளையும் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று பெரும்பாலும் தெரியும். லினக்ஸ் கணினியில் இப்படிக் கேட்கலாம். `eth0` என்ற இடத்தில் உங்கள் கணினியிலுள்ள பெயரைப் போடுங்கள்.

```
ethtool eth0 | grep Speed
```

`1000Mb/s` என்றால் நல்லது. `100Mb/s` என்றால் கேபிளையோ துளையையோ சந்தேகியுங்கள். திட்டத்தைச் சந்தேகிக்க இன்னும் நேரம் வரவில்லை.

கேபிளில் 94, ரவுட்டர் பக்கத்தில் வைஃபையில் 91, படுக்கையறையில் 14. இப்போது என்ன செய்ய?

இந்த மூன்று எண்கள் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நிறுவனம் சொன்னதைக் கொடுக்கிறது, ரவுட்டரும் வாங்குகிறது, வழியில்தான் தொலைகிறது. 300-க்கு மாறினாலும் படுக்கையறையில் அதே 14-தான் வரும்.

இனிமேல் பார்க்க வேண்டியது சமிக்ஞையின் வலிமை. அது டிபிஎம் என்ற அலகில், கழித்தல் குறியோடு வரும். பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. −50 என்றால் மிக நன்று. −67 வரை எல்லா வேலையும் தடங்கலின்றி நடக்கும். −75-ஐத் தாண்டினால் திணறல், −80-க்கு அப்பால் இணைந்திருப்பதே பெரிய விஷயம். மேக் கணினியில் `Option` விசையை அழுத்திக்கொண்டு வைஃபை குறியைச் சொடுக்கினால் `RSSI` என்ற வரியில் தெரியும். ஆண்ட்ராய்டில் இலவச வைஃபை ஆய்வுச் செயலிகள் காட்டும். விண்டோஸில் இந்தக் கட்டளை விழுக்காடாகச் சொல்லும், கூடவே எந்த அலைத்தட எண்ணில் இருக்கிறீர்கள் என்றும் சொல்லும்.

```
netsh wlan show interfaces
```

என் அக்கா வீட்டில் நடந்ததை அப்படியே சொல்கிறேன், எண்கள் உங்களுடையவற்றைப் போலவே இருந்தன. படுக்கையறையில் −78, அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில். ரவுட்டர் எங்கே என்று தேடினால், கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பின்னால், மரக் கதவு போட்ட அலமாரிக்குள், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது. தொலைக்காட்சியின் முதுகில் பெரிய உலோகத் தகடு உண்டு. வைஃபைக்கு அது சுவரைவிட மோசமான தடை. கேபிள் எட்டும் தொலைவு வரை ரவுட்டரை வெளியே எடுத்து, அலமாரியின் தலைமேல் வைத்தோம். வேறு எதையும் தொடவில்லை. படுக்கையறையில் −66 ஆயிற்று, வேகம் 38.

அதன் பிறகுதான் அலைவரிசையைப் பார்த்தோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை நன்றாகக் கடக்கும், ஆனால் இடம் குறுகல். ஒன்றோடொன்று மோதாத அலைத்தடங்கள் என்று 1, 6, 11 ஆகிய மூன்றைத்தான் பொதுவாகச் சொல்வார்கள். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அந்த மூன்றுக்குள்தான் முண்டியடிக்கின்றன. செயலியில் பார்த்தபோது ஆறாவது தடத்தில் ஒன்பது ரவுட்டர்கள் இருந்தன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் சுவருக்குச் சுவர் வலிமை சீக்கிரம் கரையும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுத்து, மடிக்கணினியை அதில் இணைத்தோம். சமிக்ஞை −70 என்று கொஞ்சம் இறங்கியது, வேகமோ 76 வந்தது. அக்கா அதோடு போதும் என்று எழுந்துபோய்விட்டார்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்து, அளந்து, எழுதி வையுங்கள். இடத்தையும் தடத்தையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது, நாளைக்கு மறுபடி கெட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கணினி 'இணைப்பு வேகம் 144' என்கிறது, சோதனையில் 70-தான். யாரோ ஏமாற்றுகிறார்களா?

இல்லை. 144 என்பது காற்றில் பிட்டுகளை அனுப்பும் வேகம். வைஃபையில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். காத்திருப்பு, பெற்றுக்கொண்டேன் என்ற பதில், மறு அனுப்பல் எல்லாம் போக, பாதியை ஒட்டிய அளவு கைக்கு வருவது இயல்பு.

ரிப்பீட்டர் ஒன்று வாங்கி மாட்டிவிட்டால்?

ரவுட்டரை நகர்த்திப் பார்த்தும் தீராவிட்டால் மட்டும். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் எளிய ரிப்பீட்டர், ஒவ்வொரு பொட்டலத்தையும் காற்றில் இரண்டு முறை அனுப்புகிறது. அதனால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். பலர் அதைச் சமிக்ஞை வராத அறையிலேயே மாட்டுகிறார்கள். அங்கே அதற்கே ஒன்றும் கேட்காது, பிறகு எதைத் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில், சமிக்ஞை இன்னும் −65 அளவில் இருக்கும் இடத்தில் மாட்ட வேண்டும். அந்த அறைவரை ஒரு கேபிள் இழுத்து, முனையில் இரண்டாவது வைஃபை பெட்டியை வைக்க முடிந்தால் அதற்கு நிகர் இல்லை.

வேகச் சோதனை எல்லா அறையிலும் நன்றாக வருகிறது. ஆனால் வேலை அழைப்பில் இருக்கும்போது குரல் திடீர் திடீரென்று உடைகிறது. இதற்காவது பெரிய திட்டம் வேண்டும்தானே?

அழைப்புக்கு வேகம் அதிகம் தேவையில்லை. தெளிவான வீடியோ அழைப்புக்கே ஒவ்வொரு திசையிலும் 3, 4 மெகாபிட் போதும். அதற்குத் தேவை நேரம் தவறாமை. குரல் உடைவதற்குப் பெரும்பாலும் காரணம் தாமதம், அதுவும் வேறு யாரோ எதையோ பதிவேற்றும்போது மட்டும் வரும் தாமதம்.

இதை அளக்க இரண்டு சாளரங்களைத் திறந்து, ஒன்றில் உங்கள் ரவுட்டரையும் மற்றொன்றில் வெளி உலகத்தையும் பிங் செய்யுங்கள், அதாவது ஒரு சிறு பொட்டலத்தை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ரவுட்டரின் முகவரி வீட்டுக்கு வீடு மாறலாம். விண்டோஸில் `ipconfig` தரும் `Default Gateway` வரியில் இருக்கும். கீழே உள்ளவை விண்டோஸ் கட்டளைகள், மேக்கிலும் லினக்ஸிலும் `-t` இல்லாமல் எழுதுங்கள்.

```
ping -t 192.168.1.1
ping -t 1.1.1.1
```

ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு கைப்பேசியில் ஒரு பெரிய வீடியோவை எங்காவது பதிவேற்றத் தொடங்குங்கள். இரண்டாவது சாளரத்தில் இப்படி நேர்ந்தால் நோய் கிடைத்துவிட்டது:

```
Reply from 1.1.1.1: bytes=32 time=11ms TTL=57
Reply from 1.1.1.1: bytes=32 time=12ms TTL=57
Reply from 1.1.1.1: bytes=32 time=187ms TTL=57
Reply from 1.1.1.1: bytes=32 time=402ms TTL=57
```

முதல் சாளரத்தில் ரவுட்டர் 2, 3 மில்லிவினாடியிலேயே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது என்றால் வைஃபை குற்றவாளி அன்று. வெளியே போகும் வாசலில் வரிசை நீண்டுவிட்டது. கணக்கு எளியது: நிறுவனத்தின் பெட்டி 1 மெகாபைட் அளவுக்குப் பொட்டலங்களை வரிசையில் நிறுத்திவைக்கிறது, பதிவேற்ற வேகம் 20 மெகாபிட் என்று வையுங்கள். 1 மெகாபைட் என்றால் 8 மெகாபிட். 8-ஐ 20-ஆல் வகுத்தால் 0.4 வினாடி, அதாவது 400 மில்லிவினாடி. கைப்பேசி தானாகப் புகைப்படங்களைச் சேமிக்கத் தொடங்கிய நொடியில் உங்கள் குரல் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. பதிவிறக்கமும் இதனால் தடுமாறும், ஏனென்றால் 'வந்து சேர்ந்தது' என்று உங்கள் கணினி அனுப்பும் பதில்களும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

மருந்து ரவுட்டரில் இருக்கிறது. அமைப்புப் பக்கத்தில் `SQM` என்றோ `QoS` என்றோ, வரிசையை ஒழுங்குபடுத்தும் ஒரு பகுதி இருக்கிறதா பாருங்கள். `CAKE` அல்லது `fq_codel` என்ற பெயர் தென்பட்டால் அதிர்ஷ்டம். கேபிளில் அளந்த எண்ணில் 90 விழுக்காட்டை வரம்பாகக் கொடுங்கள். பதிவேற்றம் 20 அளந்தால் 18. கொஞ்சம் வேகத்தை நாமே விட்டுக்கொடுக்கிறோம், அதனால் வரிசை நிறுவனத்தின் பெட்டியில் சேராமல் நம் ரவுட்டரிலேயே நிற்கும். அங்கே ரவுட்டர் குரல் போன்ற சிறு பொட்டலங்களை முன்னே விடும். மறுபடி பதிவேற்றத்தை ஓடவிட்டுப் பிங் பாருங்கள். நூறுகளில் இருந்தது 20, 30-க்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் வரம்பை இன்னும் கொஞ்சம் குறையுங்கள். பழைய ரவுட்டர்களின் செயலி பல நூறு மெகாபிட்டில் இந்த வேலையைத் தாங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இயக்கிய பிறகு மொத்த வேகம் பாதியாக விழுந்தால் அதுதான் காரணம்.

முதல் சாளரத்திலேயே, அதாவது ரவுட்டருக்கே, எண்கள் 3, 5, 240, 4, 310 என்று துள்ளினால் கதை வேறு: முந்தைய பதில்களில் சொன்ன வைஃபை வேலைக்குத் திரும்புங்கள். எப்போதாவது ஒரே ஒரு துள்ளல் வந்தால் கண்டுகொள்ள வேண்டாம்.

அப்படியானால் எப்போதுதான் பெரிய திட்டம் எடுப்பது?

கேபிளில் முழு வேகம் வருகிறது, அறைகளில் வைஃபையும் அதற்கு ஈடாக வருகிறது, ஆனாலும் வீடு தவிக்கிறது என்னும்போது. ரவுட்டரின் போக்குவரத்து வரைபடத்தைப் பாருங்கள். மாலை முழுவதும் கோடு உச்சியில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தால் குழாய் உண்மையிலேயே போதவில்லை. அவ்வப்போது ஊசிபோல உச்சியைத் தொட்டு இறங்கினால் போதுகிறது என்று பொருள்.

நான்கு பேர் ஒரே நேரத்தில் மிகத் தெளிவான படம் பார்த்தால்கூட, ஆளுக்கு 15 முதல் 25 மெகாபிட் என்று 100-க்குள் முடிந்துவிடும். பெரிய கோப்புகளை அடிக்கடி இறக்குபவர் என்றால் கணக்கு மாறும். 50 கிகாபைட் விளையாட்டு ஒன்றை இறக்க 100 மெகாபிட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், 300-இல் இருபத்திரண்டு நிமிடம். இரவு தூங்கும்போது இறக்கிக்கொள்பவருக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டில்லை. வேலைக்காகத் தினமும் காத்திருப்பவருக்கு அது பெரிது. எதை வாங்கும் முன்பும் பதிவேற்ற வேகத்தையும் கேளுங்கள். பதிவிறக்கம் மூன்று மடங்காகி, பதிவேற்றம் அதே 20-இல் நிற்கும் திட்டங்கள் உண்டு. வீடியோ எடுத்து அனுப்பும் தொழிலில் இருப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

கேபிளிலேயே காலையில் 94, இரவில் 30. இது யார் குற்றம்?

வீட்டினுடையது அன்று, அதே கேபிள், அதே ரவுட்டர், காலையில் 94 கொடுத்தனவே. அந்த நேரத்தில் வீட்டில் வேறு எதுவும் ஓடவில்லை என்பதை மட்டும் வரைபடத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் தடம் எல்லாரும் திரைமுன் உட்காரும் நேரத்தில் நிரம்பிவிடுகிறது. பெரிய திட்டத்துக்கு மாறினாலும் நீங்கள் நிற்கப்போவது பெரும்பாலும் அதே நெரிசலில்தான். ஆகவே புகார்தான் வழி, ஆனால் 'நெட் ஸ்லோ' என்று தொலைபேசியில் சொல்லாதீர்கள். வைஃபையைச் சரிபாருங்கள் என்று சொல்லி வைத்துவிடுவார்கள். ஒரு வாரம், நாளுக்கு இரண்டு முறை, கேபிளில் அளந்த எண்களைத் தேதி, நேரத்தோடு எழுதி அனுப்புங்கள். 'கேபிளில், வைஃபை அணைத்த நிலையில்' என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். அதற்கும் இரவு 30-தான் என்றால், அடுத்த படி வேறு நிறுவனம். அங்கே திட்டத்தின் வேகத்தைவிட, அக்கம்பக்கத்தில் அதை வைத்திருக்கும் ஒருவர் வீட்டில் இரவு ஒன்பதுக்குக் கேபிளில் என்ன வருகிறது என்பதைக் கேட்டுக்கொண்டு போங்கள்.